அக்கா சொன்ன மூன்று

ஆபீஸில் என் முதுகுக்குப் பின்னால் என்னைக் கணக்கு மேடம் என்று சொல்வார்கள். எனக்கு அது தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு வேலையை ஏன் முதலில் எடுத்தோம் என்று யார் கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது. பதில் வைத்திருக்கிறவர்களுக்கு வருகிற திமிரும் இருந்தது.

எங்கள் ஆபீஸ் சந்தவாசலில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில். ஐந்து பேர். ஜவ்வாது மலையில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றை நடத்தும் டிரஸ்டுக்கு மொபைல் ஆப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். மலை ஊர்களில் இருக்கும் சுகாதாரப் பணியாளர்கள் அந்த ஆப்பில்தான் கர்ப்பிணிகளைப் பதிவு செய்வார்கள், மருந்து கேட்பார்கள், அவசரமென்றால் ஆஸ்பத்திரி ஜீப்பைக் கூப்பிடுவார்கள். எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. எந்த வேலை முதலில், எது பிறகு என்று வரிசை போடுவதுதான் என் வேலை. சென்னையில் ஆறு வருடம் ஒரு கம்பெனியில் அதைத்தான் செய்தேன். பிறகு அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் ஊருக்குத் திரும்பினேன். அந்த முறையையும் கூடவே கொண்டுவந்தேன்.

முறை கஷ்டமானதல்ல. ஜெராக்ஸ் கடையில் முந்நூறு பக்கப் புத்தகத்தோடு ஒருவர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரே ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு, கிளம்பப்போகிற பஸ்ஸைப் பார்த்துப் பார்த்து இன்னொருவர் நிற்கிறார். கடைக்காரர் யாருடையதை முதலில் போடவேண்டும்? காக்கவைத்தால் யாருக்கு எவ்வளவு நஷ்டம், வேலை முடிய எவ்வளவு நேரம், இரண்டையும் பார்க்கவேண்டும். நஷ்டத்தை நேரத்தால் வகுத்தால் வருகிற எண் எதற்குப் பெரியதோ அது முதலில். காக்கவைக்கிற அந்த நஷ்டத்தைத் தாமதத்தின் விலை என்று நான் தமிழில் சொல்வேன். இந்த முறையின் இங்கிலீஷ் பெயரை மேனேஜர் சார் டபிள்யூ எஸ் ஜே எஃப் என்று எழுத்து எழுத்தாக உச்சரிப்பார்.

அந்த விலையை ரூபாயில் போடமாட்டோம். மூன்று கேள்வி கேட்போம். இந்த வேலையால் மக்களுக்கு எவ்வளவு பயன்? தள்ளிப்போட்டால் எவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகும், அதாவது எவ்வளவு அவசரம்? பின்னால் வரக்கூடிய எந்த ஆபத்தை இது குறைக்கும்? ஒவ்வொன்றுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதிமூன்று என்று ஏறும் எண்களில் ஒன்று. இருப்பதிலேயே குறைந்ததற்கு ஒன்று கொடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுச் சொல்லவேண்டும். மூன்றையும் கூட்டி, வேலையின் அளவால் வகுக்கவேண்டும். அளவும் அப்படியே ஒப்பீட்டு எண்தான்.

மார்ச் மாதம் ஒருநாள் அப்படிப் போட உட்கார்ந்தோம். மலையிலிருந்து அக்கா வந்திருந்தார்.

அக்கா என்றால் சொந்த அக்கா இல்லை. மலையில் பஸ் போகிற கடைசி ஊருக்கும் அப்பால் ஓர் ஓடையைத் தாண்டி இருக்கிற ஊரில் சுகாதாரப் பணியாளர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை அக்கா என்பேன். பயன்படுத்துகிறவர்களின் குரல் கூட்டத்தில் இருக்கவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்து அவரை வரவழைத்தேன். மற்றவர்கள் பேசும்போது வாயைத் திறக்கமாட்டார். கேட்டால் யோசித்து, நறுக்கென்று ஒரு பதில் சொல்வார். பொய்யாக ஒரு எண்ணைக்கூட ஏற்றிச் சொல்லத் தெரியாத மனுஷி.

அவர் கேட்டது ஒன்றுதான். அவர் ஊரில் இன்டர்நெட் கிடையாது. போன் சிக்னலே ஒரு கோடு வரும், நொடியில் போய்விடும். பேச ஆரம்பித்தால் கட்டாகிவிடும். ஆப்பில் ஜீப்பைக் கூப்பிடும் பொத்தானை அழுத்தினால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், தகவல் எப்போதாவதுதான் போகும். ஓடையைத் தாண்டி, பஸ் வரும் பக்கம் ஒரு பாறை இருக்கிறது, அங்கே வந்து நின்றால்தான் நிச்சயமாகப் போகும். இதற்கு ஒரு வழி செய்யவேண்டும் என்றார்.

இன்டர்நெட் இல்லாமல் ஆப் வேலை செய்யவேண்டும் என்று நான் எழுதிக்கொண்டேன். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது. அக்கா உடனே சொன்ன அடுத்த வார்த்தையை நான் எழுதவில்லை.

"வண்டி கூப்புடறது மட்டும் போனா போதும் மேடம். மத்த ரிஜிஸ்டரெல்லாம் நோட்டுல எழுதிகினு, அப்பறமா பாறைகிட்ட வந்து ஏத்திக்கிறேன்."

எங்கள் புரோகிராமர் ஒடுகத்தூர்க்காரர், கெட்டிக்காரர். செய்தால் முழுசாகத்தான் செய்யவேண்டும், பாதியை இப்படியும் பாதியை அப்படியும் வைத்தால் பதிவுகள் குழம்பிப்போகும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முழுசாக என்றால் எவ்வளவு நாள் என்றேன். ஒரு மாதம் என்றார். அளவு பதிமூன்று என்று போட்டேன். எனக்கும் முழுமையான வேலைதான் பிடிக்கும். அரைகுறையை என் பட்டியலில் ஏற்ற எனக்கு மனசு வராது.

பயனுக்கு எட்டு கொடுத்தோம், அன்றைக்கு அந்தப் பத்தியில் அதுதான் பெரிய எண். ஆபத்தைக் குறைப்பதற்கு மூன்று. அவசரம் எவ்வளவு என்று அக்காவிடம் கேட்டேன். இப்போது இது இல்லாததால் எவ்வளவு கஷ்டம் என்றுதான் கேட்டேன், வார்த்தை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அவர் யோசித்தார். வெயில் காலம், ஓடையில் தண்ணீர் இல்லை. யாருக்காவது முடியவில்லை என்றால் அவர் வீட்டுக்காரர் பைக்கில் பாறைக்கு அழைத்துப்போய்விடுவார், பத்து நிமிஷம். அதனால் பரவாயில்லை, மூன்று போடுங்கள் என்றார்.

எட்டும் மூன்றும் மூன்றும் பதினான்கு. பதிமூன்றால் வகுத்தால் ஒன்றுக்குச் சற்று மேல்.

மாதாந்திர அறிக்கை என்று ஒன்று இருந்தது. பயன் மூன்று, மாதக் கடைசிக்குள் வேண்டும் என்பதால் அவசரம் எட்டு, ஆபத்து ஒன்று. மொத்தம் பன்னிரண்டு. மூன்று நாள் வேலை என்பதால் அளவு இரண்டு. வகுத்தால் ஆறு. அது மேலே போனது. மருந்து தீரப்போகிறது என்று எச்சரிக்கிற வேலைக்கு நான்கு வந்தது. ஆப்பின் முகப்புப் படத்தை மாற்றுவது என்று ஓர் அற்ப வேலை, எல்லாப் பத்தியிலும் ஒன்று வாங்கியது, அளவும் ஒன்று. அதற்குக்கூட மூன்று வந்தது, அதுவும் அக்காவின் வேலைக்கு மேலே போய் உட்கார்ந்தது. அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். கணக்கு சொல்கிறது, நாம் என்ன செய்ய என்று நான் சொன்னேன். இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

அதற்குப் பிறகு வாரா வாரம் புது வேலைகள் வந்தன. சின்னச் சின்ன வேலைகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு இடையில் செருகினோம். பழைய எண்களைத் தொடவில்லை. எல்லாவற்றையும் மறுபடி போட அரைநாள் ஆகும், அந்த அரைநாளை நான் மிச்சம் பிடித்தேன். அவசரம் என்பது அன்றைய தேதிக்கு உள்ளது, மாதத்துக்கு மாதம் மாறும் என்று பயிற்சி வகுப்பில் நானே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஜூன் வந்தது, மலையில் மழை பிடித்தது, ஓடையில் தண்ணீர் ஏறியது. என் பட்டியலில் மூன்று மூன்றாகவே இருந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு, சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த அக்காவின் வீட்டுக்காரரை நல்ல பாம்பு கடித்தது.

அக்கா பயிற்சி பெற்றவர். காலைக் கயிறு போட்டு இறுக்கவில்லை. ஆடாமல் படுக்கவைத்து, குச்சி வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டினார். இரண்டு தடவை போன் செய்து பார்த்தார், இரண்டும் கட்டாகின. ஆப்பைத் திறந்து பொத்தானை அழுத்தினார். வட்டம் சுற்றியது. ஒரு தடவை அழுத்தினால் போதும், திரும்பத் திரும்ப அழுத்தினால் ஆஸ்பத்திரியில் இருக்கிற இரண்டு ஜீப்பும் ஒரே ஊருக்கு வந்துவிடும், பொறுமையாகக் காத்திருங்கள் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தோம். சொன்னது நான். அவர் காத்திருந்தார். முக்கால் மணி நேரம் காத்திருந்தார். வீட்டுக்காரருக்குக் கண் இமை தொங்க ஆரம்பித்தது, பேச்சு குழறியது. அப்போதுதான் தகவல் போகவே இல்லை என்று அக்காவுக்குப் புரிந்தது. ஊரில் பைக் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் கடிபட்ட அவர்தான், அந்தத் தண்ணீரில் பைக்கும் போகாது. பக்கத்து வீட்டுக்காரர் மார்பளவு தண்ணீரில் ஓடையைக் கடந்து, பாறைக்கு நடந்து போய் ஜீப்பைக் கூப்பிட்டார். ஜீப் வந்து, இந்தக் கரையிலிருந்து ஆட்கள் போய் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் மூச்சு நின்றது.

முக்கால் மணி முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் நான் கேட்டேன். உறுதியாகச் சொல்லமுடியாது என்றார். வாய்ப்பு இருந்தது என்றார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்து மனசைத் தேற்றப் பார்த்தேன். தேறவில்லை.

செப்டம்பர் கடைசியில் அக்கா வேலைக்குத் திரும்பினார், அந்த மாதக் கூட்டத்துக்கும் வந்தார். இந்த மாதிரி நடந்ததற்குக் காரணம் பார்க்கவேண்டும் என்று மேனேஜர் சார் பட்டியலைச் சுவரில் போடச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. குழுவின் மேல் பழி வரக்கூடாது என்று பார்த்தார், அவ்வளவுதான். அந்த வரியில் விரலை வைத்து, அவசரத்துக்கு மூன்று யார் கொடுத்தது என்றார். அக்கா, நான்தான் சார் என்றார்.

"அதாம்மா. நீங்க மூணுன்னு குடுத்ததால அது பின்னால போச்சு. யாரையும் தப்பு சொல்லல, இனிமே பாத்துக் குடுப்போம்."

அக்கா தலையை ஆட்டினார். நான் சுவரில் இருந்த பட்டியலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் கேட்ட கேள்விதான் தப்பு என்று சொல்லியிருக்கலாம். ஜூனில் மாற்றவேண்டியது என் பொறுப்பு என்று சொல்லியிருக்கலாம். மேனேஜர் அடுத்த வேலைக்குப் போனார், நானும் அடுத்த வேலைக்கு எண் கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து, ஆபீஸில் யாரும் இல்லாத மத்தியான நேரத்தில் அந்தப் பட்டியலைத் திறந்தேன். முதலில் அவசரத்தை மழைக்காலத்துக்கு ஏற்றபடி பதிமூன்றாக்கிப் பார்த்தேன். மொத்தம் இருபத்து நான்கு. பதிமூன்றால் வகுத்தால் இரண்டுகூட வரவில்லை. முகப்புப் படத்தின் மூன்றுக்குக் கீழேதான் நின்றது. அக்கா மார்ச்சிலேயே பதிமூன்று என்று சொல்லியிருந்தாலும் அது பின்னால்தான் போயிருக்கும். கீழே இழுத்தது அவர் எண் இல்லை, நான் போட்ட அளவு.

பிறகு அவர் கேட்டதை மட்டும் தனியாக எடுத்தேன். ஜீப் கூப்பிடும் தகவல் மட்டும், சிக்னல் ஒரு நொடி எட்டிப்பார்த்தாலும் எஸ்.எம்.எஸ். ஆகத் தானாகப் போவது. இரண்டு நிமிஷத்தில் போகவில்லை என்றால் போன் அலறி, தகவல் போகவில்லை, ஆள் அனுப்புங்கள் என்று சிவப்பில் காட்டுவது. புரோகிராமருக்குப் போன் போட்டு, இது மட்டும் என்றால் எத்தனை நாள் என்று கேட்டேன். மூன்று நாள் என்றார். மாதாந்திர அறிக்கைக்கு ஆன அதே மூன்று நாள். அளவு இரண்டு. நாங்கள் கொடுத்த எட்டு என்ற பயன் முழுக்க ஜீப்புக்காகக் கொடுத்ததுதான், அதனால் எட்டு எட்டாகவே இருக்கும். ஆபத்தின் மூன்றையும் அக்காவின் மூன்றையும் மாற்றாமல் அப்படியே வைத்தேன். பதினான்கை இரண்டால் வகுத்தால் ஏழு.

அறிக்கைக்கு ஆறு. இதற்கு ஏழு. அக்கா சொன்ன அந்த மூன்றோடு, மார்ச்சிலேயே, இதுதான் முதலில் வந்திருக்கும். மறுநாள் காலையில் ஆரம்பித்து அந்த வாரத்திலேயே முடிந்திருக்கும்.

மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். உரக்கடைக்காரர் மேலே வந்து, என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வேலையை அதே வாரம் முடித்தோம். சரியாக மூன்று நாள்தான் ஆனது. எல்லா மலை ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மேனேஜரிடமும் கணக்கைக் காட்டினேன். அக்காவிடம் தானே சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் சார், நானே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

போகவில்லை. அக்டோபரில் மழை, பஸ் ஒழுங்காக இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தீபாவளிக்குப் பிறகு போகலாம் என்றேன். அப்பாவுக்குச் செக்கப் வந்தது. நவம்பரில் வருடாந்திர அறிக்கை வந்தது. ஒவ்வொரு வாரமும் அதைவிடச் சின்ன வேலை ஒன்று கையில் இருந்தது, அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. அக்கா மாதக் கூட்டங்களுக்கு வந்தார். எதற்கு எண் கேட்டாலும், நீங்களே போடுங்க மேடம் என்றார். அதைக் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

டிசம்பரில்தான் போனேன். பஸ் கடைசி ஊரில் இறக்கிவிட்டது. ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அக்கா வீட்டு வாசலில் புளியை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். இன்னா மேடம் இம்மாந்தூரம் என்று எழுந்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உட்காரச் சொன்னார்.

ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். முதலில் பதிமூன்றால் வகுத்தது, பிறகு இரண்டால் வகுத்தது. மூன்றை வட்டமிட்டு, இது காரணமே இல்லை அக்கா, நீங்கள் மார்ச்சில் சொன்னபடி தனியாகப் பிரித்திருந்தால் இந்த மூன்றோடேயே முதலில் வந்திருக்கும், பிரிக்காதது நான், பயிற்சியில் காத்திருங்கள் என்று சொன்னதும் நான் என்றேன். ஒன்றையும் மறைக்கவில்லை. பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

அவர் தாளை வாங்கி, எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கணக்கு அவருக்குப் புரிந்தது. நான் நினைத்ததைவிட நன்றாகவே புரிந்தது.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

அந்தக் கூட்டம் முடிந்து இரண்டாம் நாள் என்றேன்.

தாளை நான்காக மடித்தார்.

"நான் குடுத்த எண்ணாலதான் அவரு செத்தாருன்னு தெனமும் நெனச்சிகினு படுத்தேன் மேடம். புள்ளைங்க மூஞ்சியப் பாக்க முடியல. ரெண்டு நாள்ல தெரிஞ்சத சொல்றதுக்கு மூணு மாசமா?"

மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன். அந்த வார்த்தை அங்கே எதற்கும் உதவவில்லை. அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மடித்த தாளை இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடி புளியின் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கையால் கலைத்துவிட ஆரம்பித்தார்.

"சரி, கெளம்புங்க. பஸ்ஸு போய்டும்" என்றார், என்னைப் பார்க்காமலே.

நான் எழுந்து நடந்தேன். பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அது அவருக்கும் தெரியும்.